ரூபாய் செலவு சராசரியா, அடக்கவிலைச் சராசரியா?

மியூச்சுவல் ஃபண்டு விளம்பரக் கையேடுகளிலும் பத்திரிகைகளின் முதலீட்டுப் பக்கங்களிலும் 'ரூபாய் செலவு சராசரி' என்ற தொடரைப் படித்துப் படித்துக் கண் பூத்துவிட்டது. விலை ஏறினாலும் இறங்கினாலும் மாதாமாதம் ஒரே தொகைக்கு ஃபண்டின் யூனிட்டுகளை, அதாவது அதன் பங்குகளை, வாங்கிச் சேர்க்கும் முறைக்குத்தான் இந்தப் பெயர். 'ரூப்பி காஸ்ட் ஆவரேஜிங்' என்பதன் மூன்று சொற்களுக்கும் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மூன்றும் தமிழில் புழங்கும் சொற்கள்தாம். சேர்த்துப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை.

பெயரின் கதை சிறியது. அமெரிக்காவில் இது 'டாலர் காஸ்ட் ஆவரேஜிங்'. முதலீடு பற்றி எழுதிய அமெரிக்கர் பெஞ்சமின் கிரகாம் 1949இல் இதை விளக்கி எழுதினார். இந்தியாவுக்கு வந்தபோது டாலர் போய் ரூபாய் ஏறிக்கொண்டது. ரூபாய்க்கு இதில் வேறு வேலை கிடையாது. மாதாமாதம் ஒரே தொகை என்பதுதான் அந்தச் சொல்லின் உட்பொருள். 'சராசரி' பாரசீகத்திலிருந்து வந்த சொல். கணக்குப்பிள்ளைகள் எப்போதோ அதை நம்முடையதாக்கிவிட்டார்கள். அதைத் துரத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் சண்டை 'செலவு' என்ற சொல்லோடுதான். செலவு என்றால் கையை விட்டுப் போன பணம். இங்கே பணம் போகவில்லை, யூனிட்டுகளாக மாறிக் கணக்கில் இருக்கிறது. காஸ்ட் என்பதற்கு வணிகர்களிடம் அருமையான சொல் இருக்கிறது: அடக்கவிலை. 'அடக்கமே இவ்வளவு ஆகிறது, இதற்குக் கீழே கட்டாது' என்று ஜவுளிக்கடைக்காரர் சொன்னால், எந்த மொழிபெயர்ப்பாளரும் இல்லாமலே வாடிக்கையாளருக்குப் புரிகிறது.

செலவாவது பரவாயில்லை, 'சராசரி விலை முறை' என்ற இன்னொரு ஆக்கம் கணக்கையே கெடுக்கிறது. மாதம் 5,000 ரூபாய் போடுகிறீர்கள். ஐந்து மாதங்களில் ஒரு யூனிட்டின் விலை முறையே 50, 40, 25, 40, 50 ரூபாய். கிடைக்கும் யூனிட்டுகள் 100, 125, 200, 125, 100, மொத்தம் 650. போட்டது 25,000. வகுத்தால் ஒரு யூனிட்டின் அடக்கம் 38 ரூபாய் 46 காசு. ஆனால் விலைகளின் சராசரி 41 ரூபாய்! 'சராசரி விலை' என்ற பெயரை நம்பி 25,000ஐ 41ஆல் வகுப்பவருக்கு ஏறக்குறைய 610 யூனிட்தான் வரும். நிறுவனம் அனுப்பும் கணக்கு அறிக்கையில் ஏறக்குறைய 650 இருப்பதைப் பார்த்து, தப்பு யாருடையது என்று குழம்புவார்.

விலை மலிந்த மாதத்தில் அதே பணத்துக்கு அதிக யூனிட் சேர்வதால் 25 ரூபாய் என்ற விலை மற்ற விலைகளைவிடக் கனத்து நிற்கிறது. பள்ளிப் புள்ளியியலில் 'இசைச் சராசரி' என்று படித்தோமே, அதுவேதான். விலை மாறிக்கொண்டிருக்கும்வரை அது கூட்டுச் சராசரியைவிடக் குறைவாகவே இருக்கும். ஆக இங்கே சராசரியாவது விலை அன்று, அடக்கம். 'அடக்கவிலைச் சராசரி' என்று எழுதினால் எதை எதால் வகுக்க வேண்டும் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

'கொள்முதல் விலை' போதாதா என்று கேட்கலாம். போதாது. வண்டிச்சத்தம், கூலி எல்லாவற்றையும் உள்ளே அடக்கியதுதான் அடக்கவிலை. ஃபண்டிலும் அப்படி ஒரு துண்டு உண்டு: 2020 ஜூலை முதல் யூனிட் வாங்கும்போது 0.005 சதவீதம் முத்திரைத் தீர்வை பிடிக்கிறார்கள். முதல் மாத 5,000இல் 25 காசு அதற்குப் போய்விடும், மீதி 4,999.75க்குத்தான் யூனிட். அறிக்கையில் 100க்குப் பதிலாக 99.995 என்று இருப்பது அதனால்தான். காசுக்கணக்குதான், ஆனாலும் நாம் கொடுத்த முழுப் பணத்தையும் தழுவும் சொல் அடக்கம் ஒன்றே.

'சராசரி மூலம் லாபம்' என்று தலைப்பிடும் உரைபெயர்ப்பாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 50, 40, 25 என்று விலை இறங்கினாலும் 25, 40, 50 என்று ஏறினாலும், 15,000 ரூபாய்க்குச் சேர்வது அதே 425 யூனிட். அடக்கம் அதே 35 ரூபாய் 29 காசு. இறங்கியவருக்கு யூனிட் ஒன்றுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் நஷ்டம். ஏறியவருக்கு லாபம் உண்டு. ஆனால் முதல் மாதமே முழுத்தொகையையும் போட்டிருந்தால் அவர் கையில் 600 யூனிட் இருந்திருக்கும். மூல ஆங்கிலத் தொடரில் லாபம் என்ற பேச்சே இல்லை. தமிழில் மட்டும் அது எந்த வாசல் வழியாக நுழைந்தது?