ஜெனரேட்டர் கரண்ட் ஒரு யூனிட் உண்மையில் என்ன விலை?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காட்டுப் பக்கம் போகும் சாலைகளில் தென்னை நார் மில்களுக்கும் நார்த்தூளான பித்தை பிளாக்காக அடிக்கும் யூனிட்டுகளுக்கும் குறைவில்லை. ஜெனரேட்டரில் ஓட்டினால் ஒரு யூனிட் கரண்ட் என்ன விலை ஆகும் என்று அங்கே கேட்டால், "டீசல் விலையை மூன்றரையால் வகுத்துக்கோங்க" என்பார்கள். கிடைப்பது டீசல் செலவு மட்டும்தான். ஆள் கூலி, ஆயில், மெஷினின் தேய்மானம் எல்லாம் அதற்கு வெளியே நிற்கின்றன.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 250 கேவிஏ செட், 0.8 பவர் ஃபேக்டரில் 200 கிலோவாட் தரும். ஆண்டுக்கு 1,500 மணி நேரம் ஓடுகிறது, சராசரி லோடு 120 கிலோவாட். அப்படியானால் ஆண்டுக்கு 1,80,000 யூனிட். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லையின் இரண்டு பக்கமும் வரி வேறு என்பதால் விலையும் வேறு. உங்கள் பங்க் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் வெப்பம் ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நல்ல நிலையில் உள்ள செட் அதில் மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை கரண்டாகத் தரும். மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகவே போய்விடும். நம் மாதிரியில் 120 கிலோவாட் லோடுக்கு மணிக்கு 33 லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும், அதாவது லிட்டருக்கு 3.6 யூனிட். ஆண்டுக்கு 50,000 லிட்டர். யூனிட்டுக்கு டீசல் செலவு 25.83 ரூபாய்.

இந்த 3.6 எல்லா லோடிலும் நிற்காது. இந்த அளவு இன்ஜின் லோடே இல்லாமல் சும்மா ஓடினாலும் உராய்வுக்கும் ஃபேனுக்கும் பம்புக்குமாக மணிக்கு ஐந்து லிட்டர் எரிக்கும். அதன்மேல்தான் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சேர்கிறது. ராத்திரி பிளாக் பிரஸ் நின்றுவிட்டு மோட்டார் பம்பும் லைட்டும் மட்டும் 40 கிலோவாட் இழுக்கும்போது மணிக்கு 14 லிட்டருக்கு மேல் போகும். லிட்டருக்கு 2.8 யூனிட் கூடத் தேறாது. டீசல் மட்டுமே யூனிட்டுக்கு 33 ரூபாயைத் தாண்டும். அதே வேலைக்கு 62.5 கேவிஏ சின்ன செட் இருந்தால் 27 ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். குறைந்த லோடில் நாள்கணக்கில் ஓட்டினால் இன்னொரு வம்பும் உண்டு: சிலிண்டர் போதுமான அளவு சூடாகாமல் டீசல் அரைகுறையாக எரியும். எக்சாஸ்ட் பைப் ஜாயின்ட்டில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒழுகுவதுதான் அதன் அடையாளம். லோடு 30 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் இது வராது.

கணக்கு சரியாக வர டேங்கும் மீட்டரும் ஒத்துப்போக வேண்டும். லிட்டருக்கு 5.4 யூனிட் கிடைக்கிறது என்று லாக் புக் சொன்னால் மகிழ வேண்டாம். அப்படி ஒரு டீசல் செட் கிடையாது. பேனலில் கரண்டைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் சிடி 400/5, மீட்டரில் செட் செய்திருப்பது 600/5 என்றால் இப்படித்தான் ஒன்றரை மடங்கு காட்டும். நேர்மாறாக, லோடு மாறாமல் 3.6 என்பது 3.1 ஆகிவிட்டது, ஆனால் புகையும் கருக்கவில்லை, வெப்பமும் ஏறவில்லை என்றால், இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் டேங்க் பூட்டைப் பாருங்கள். ஃப்ளோ மீட்டர் மாட்டியிருந்தால் ரிட்டர்ன் லைனிலும் ஒன்று வேண்டும். பம்புக்குப் போகும் டீசல் முழுவதும் எரிவதில்லை, ஒரு பகுதி டேங்குக்கே திரும்பும்.

அடுத்தது ஆள். முழுநேர ஆபரேட்டர் ஒருவருக்கு பிஎஃப், இஎஸ்ஐ சேர்த்து மாதம் 20,000, எலக்ட்ரீஷியனின் பாதி நேரத்துக்கு 10,000. ஆண்டுக்கு 3.6 லட்சம், யூனிட்டுக்கு 2 ரூபாய்.

பராமரிப்பில் 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றம் என்று வைத்தால் ஆண்டுக்கு ஆறு முறை, தடவைக்கு 30 லிட்டர், இடையில் டாப்-அப். ஆயிலுக்கு 72,000, ஆயில் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் 54,000, ஏர் ஃபில்டர், பெல்ட், கூலன்ட், பேட்டரி, சர்வீஸ் கூலி என்று இன்னொரு 54,000. மொத்தம் 1.8 லட்சம், யூனிட்டுக்கு ஒரு ரூபாய். நார் மில்லில் ஏர் ஃபில்டர் செலவில் கை வைக்கக் கூடாது. பித் தூசி பவுடர் போல நுண்ணியது. ஆயில் ஆவி படிந்த ரேடியேட்டர் துடுப்புகளில் ஒட்டிக் கம்பளி போல அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வெப்பம் வாரத்துக்கு வாரம் இரண்டு டிகிரி ஏறுவதும், ஏர் ஃபில்டர் இண்டிகேட்டர் சிவப்பாவதும், லோடு ஏற்றும்போது புகை கருப்பதும் அதைச் சொல்லிவிடும். ரேடியேட்டருக்குக் காற்று அடிக்கும்போது ஃபேன் காற்று போகும் திசைக்கு எதிராக அடிக்க வேண்டும். அதே திசையில் அடித்தால் தூசி இன்னும் உள்ளே இறுகும்.

ஓவர்ஹால் பணத்தைத் தனியாக ஒதுக்காதவர்கள்தான் அதிகம். 12,000 மணி நேரத்தில் 6 லட்சம் செலவு வரும் என்றால், ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 50 ரூபாய் இன்றே செலவாகிறது. யூனிட்டுக்கு 42 பைசா.

இனி தேய்மானம். செட், பேனல், அஸ்திவாரம், கேபிள் சேர்த்து 24 லட்சம். பத்து ஆண்டு கழித்து 4 லட்சத்துக்கு விற்கும் என்றால் ஆண்டுக்கு 2 லட்சம், யூனிட்டுக்கு 1.11 ரூபாய். ஆடிட்டர் வருமான வரிக்குப் போடும் 15 சதவீதத் தேய்மானத்தை இங்கே எடுத்துவர வேண்டாம்; அது வரிக்கான கணக்கு, மெஷின் தேயும் கணக்கு அல்ல. முடங்கிய பணத்துக்கு வட்டியும் உண்டு. சராசரியாக 14 லட்சம், 10 சதவீதம், 1.4 லட்சம்; யூனிட்டுக்கு 78 பைசா.

எல்லாம் கூட்டினால் 31.14 ரூபாய். டீசல் செலவை மட்டும் பார்ப்பதைவிட ஐந்து ரூபாய்க்கு மேல் கூடுதல்.

இதே செட் கரண்ட் கட் ஆகும்போது மட்டும் ஆண்டுக்கு 300 மணி நேரம் ஓடினால் என்ன ஆகும்? யூனிட் 36,000 தான். டீசலும் ஓவர்ஹால் ஒதுக்கீடும் மாறாது. ஆனால் ஆபரேட்டர் செலவு யூனிட்டுக்கு 10 ரூபாயாகும், தேய்மானம் 5.56, வட்டி 3.89. ஓடாவிட்டாலும் ஆயிலை ஆண்டுக்கு ஒரு தடவையாவது மாற்றியாக வேண்டும் என்பதால் பராமரிப்புக்கு 60,000 வைத்தால் 1.67. மொத்தம் 47 ரூபாயைத் தாண்டிவிடும். அந்த ஆபரேட்டரை மீதி நேரம் பிரஸ் பக்கம் வேலைக்கு விட்டு, செட் ஓடும் மணிக்கு மட்டும் கூலியை இங்கே எழுதினால் பத்து ரூபாயில் பெரும்பகுதி இறங்கிவிடும். 300 மணி நேரச் செட்டுக்குத் தனி ஆள் வைப்பது வீண்.

எந்த விலையை எப்போது பார்ப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. புது செட் வாங்குவதா, எச்டி எனும் உயர் அழுத்த மின் இணைப்பு எடுப்பதா என்று யோசிக்கும்போது 31.14 தான் பேச வேண்டிய விலை. செட் ஏற்கெனவே ஷெட்டில் நிற்கிறது, அவசர ஆர்டருக்கு இன்று ராத்திரி நான்கு மணி நேரம் ஓட்டலாமா என்றால் தேய்மானமும் வட்டியும் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் போவதுதான். அப்போது டீசல், ஆயில், ஓவர்ஹால் ஒதுக்கீடு மூன்றும் சேர்ந்த 27.25 ரூபாயை, ஆபரேட்டருக்கு ஓவர்டைம் கொடுத்தால் அதையும் சேர்த்து, அந்த நான்கு மணி நேரத்தில் அடிக்கும் பிளாக்கின் லாபத்தோடு ஒப்பிட்டால் போதும்.