ரூட் காலாவதியானது 2021-இல், ஃபோன் நின்றது 2024-இல்

2021 செப்டம்பர் 30 அன்று, இந்திய நேரப்படி மாலை 7 மணி 31 நிமிடத்துக்கு DST Root CA X3 என்ற மூலச் சான்றிதழ், அதாவது ரூட், காலாவதியானது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-இல் 21 ஆண்டுகளுக்கு என்று உருவாக்கப்பட்டது அது. இணையத் தளங்களுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இலவசமாகக் கொடுக்கும் சான்றிதழ்களைப் பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்கள் இந்த ரூட்டை வைத்துத்தான் நம்பின. ரூட் போனால் ஃபோன்களும் போய்விடும் என்ற பயம் அப்போது பரவலாக இருந்தது. ஆனால் அந்த இரவு பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்களில் தளங்கள் வழக்கம்போலத் திறந்தன.

குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருடைய ஆர்டர் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து புகார் வந்தது 2024 மார்ச்சில். "தம்பி, சித்தூர் பக்கம் போற பசங்க ஃபோன்ல மட்டும் ஆர்டர் பக்கம் வரமாட்டேங்குது. என் ஃபோன்ல நல்லா வருது" என்றார். விற்பனைக்குப் போகும் அந்தப் பையன்கள் வைத்திருந்தவை ஆண்ட்ராய்டு 6 ஃபோன்கள். அந்த மாதம் எந்த ரூட்டும் காலாவதியாகவில்லை. தளத்தின் சான்றிதழும் சில நாட்களுக்கு முன்புதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. இரண்டரை வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ரூட்டை மீறி ஓடிக்கொண்டிருந்த ஃபோன், சான்றிதழ் புதிதாக வந்த பிறகு நின்றது ஏன்?

ஒரு தளத்தைத் திறக்கும்போது சர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்புவதில்லை. அதில் கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழையும், தேவைப்பட்டால் அதற்கு மேலே உள்ளதையும் சேர்த்தே அனுப்பும். ஃபோன் ஒவ்வொரு கையெழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டு மேலே ஏறும். தன்னிடம் ஏற்கெனவே உள்ள ரூட் பட்டியலில் ஒன்றைத் தொட்டுவிட்டால் தளத்தை நம்பும். அந்தப் பட்டியல் ஆண்ட்ராய்டுடன் சேர்ந்தே வருவது. சிஸ்டம் அப்டேட் வந்தால்தான் மாறும், அது நின்றுவிட்டால் பட்டியலும் அப்படியே உறைந்துவிடும். (ஆண்ட்ராய்டு 14-இல்தான் ரூட் பட்டியலைத் தனியாக, கூகுள் பிளே வழியாகப் புதுப்பிக்க வழி வந்தது.)

லெட்ஸ் என்க்ரிப்டின் சொந்த ரூட் ISRG Root X1. 2015 ஜூனில் உருவானது, 2035 ஜூன் வரை செல்லும். ஆனால் ஆண்ட்ராய்டு 7.1.1-இல்தான் அது பட்டியலுக்குள் வந்தது. அதற்கு முந்தைய ஃபோன்களுக்கு X1 யாரென்றே தெரியாது. அதனால் ஐடென்டிரஸ்ட் நிறுவனத்தின் பழைய DST Root CA X3 புதியவருக்குக் கையெழுத்துப் போட்டது. வங்கியில் கணக்கு தொடங்க வரும் புதிய ஆளுக்கு, மேலாளருக்கு நன்கு தெரிந்த பழைய வாடிக்கையாளர் அறிமுகக் கையெழுத்துப் போடுவது போலத்தான். இதைக் குறுக்குக் கையொப்பம் என்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். X1-க்கு இரண்டு சான்றிதழ்கள் உண்டு. இரண்டிலும் பெயர் ஒன்றே, பொதுச் சாவியும் ஒன்றே. ஒன்றில் X1 தனக்குத் தானே கையெழுத்திட்டிருக்கிறது, மற்றொன்றில் X3 கையெழுத்திட்டிருக்கிறது. ஆகவே ஒரே தளத்தின் சான்றிதழிலிருந்து மேலே ஏற இரண்டு வழிகள் கிடைக்கின்றன. குட்டைச் சங்கிலியில் தளம், அப்போதிருந்த R3 என்ற இடைநிலை, X1 என்று முடிந்துவிடும். நெட்டைச் சங்கிலியில் X1-க்கு மேல் X3 வரை போகும். இரண்டிலும் தளத்தின் சான்றிதழ் ஒன்றேதான், அதில் ஒரு எழுத்துகூட மாறுவதில்லை. எந்தச் சங்கிலி போகிறது என்பதை முடிவு செய்வது சர்வரில் இருக்கும் ஒரு கோப்பு.

சரி, X3-தான் 2021-லேயே காலாவதியாகிவிட்டதே, அதன் கையெழுத்து எப்படிச் செல்லும்? பட்டியலில் உள்ள ரூட்டை ஆண்ட்ராய்டு ஒரு பெயராகவும் ஒரு சாவியாகவும் மட்டுமே பார்க்கிறது. அதன் மேல் எழுதியிருக்கும் கடைசித் தேதியைப் பார்ப்பதில்லை. சான்றிதழ்களுக்கான பொது விதிகளும் ரூட்டின் தேதியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இதை நம்பித்தான் 2021 ஜனவரியில் X3, தான் காலாவதியாகும் நாளையும் தாண்டிச் செல்லும்படி, 2024 செப்டம்பர் 30 வரைக்குமான ஒரு குறுக்குக் கையொப்பத்தை X1-க்குப் போட்டுக் கொடுத்தது. பழைய ஃபோன்களுக்கு மூன்று வருடம் கிடைத்தது. என் கண்ணில் இது மிக நல்ல வேலை. கோடிக்கணக்கான ஃபோன்களில் எதையும் மாற்றாமல், அனுப்பும் பக்கத்தில் ஒரே ஒரு சான்றிதழைச் சேர்த்துச் செய்த வேலை அது.

ஆனால் அதே நெட்டைச் சங்கிலி வேறு இடத்தில் அடி கொடுத்தது. சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 1.0.2 என்ற பழைய பதிப்பு, சர்வர் அனுப்பிய சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உச்சிவரை ஏறும். உச்சியில் X3 தன் பட்டியலிலும் இருப்பதைப் பார்க்கும், தேதி முடிந்திருப்பதையும் பார்க்கும், அத்துடன் மறுத்துவிடும். வழியிலேயே X1 தன் பட்டியலில் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்காது. சென்ட்ஓஎஸ் 7, உபுண்டு 16.04 சர்வர்களில் இருந்தது இந்தப் பதிப்புதான். தீர்வு கேட்கத் தலைகீழாக இருக்கும்: காலாவதியான X3-ஐப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் வேலை செய்யும். அது இல்லாதபோதுதான் மென்பொருள் மாற்று வழி தேடி X1-ஐக் கண்டுகொள்ளும். 1.1.0 பதிப்பிலிருந்து தெரிந்த ரூட்டை முதலில் தேடும்படி மாற்றிவிட்டார்கள். ஆக, ஆண்ட்ராய்டு 6-க்கு நெட்டை வேண்டும், பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குக் குட்டை வேண்டும். இருவருக்கும் ஒரே சங்கிலியைக் கொடுத்துத் திருப்திப்படுத்த முடியாது. ஐஓஎஸ் 9-உடன் நின்றுபோன ஐஃபோன்களுக்கு இரண்டுமே உதவாது. அவற்றில் X1 இல்லை, X3-இன் தேதியையும் அவை பார்க்கும்.

இப்போது குடியாத்தத்துக்கு வருவோம். பையன்களின் ஃபோனில் குரோம் காட்டிய பிழை `NET::ERR_CERT_AUTHORITY_INVALID`. இந்த வரியைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். ஃபோனின் தேதி தவறாக இருந்தாலோ தளத்தின் சான்றிதழ் முடிந்திருந்தாலோ `NET::ERR_CERT_DATE_INVALID` வரும். AUTHORITY என்று வந்தால், கையெழுத்திட்டவரை ஃபோனுக்குத் தெரியவில்லை என்று பொருள். சர்வீஸ் கடையில் ஒரு பையனுக்கு ஃபோனின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி வைத்துக் கொடுத்திருந்தார்கள். இந்தப் பிழைக்கு அது மருந்தே அல்ல, அப்படி வைத்தால் ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த மற்ற தளங்களும் நின்றுவிடும்.

சர்வர் உண்மையில் என்ன அனுப்புகிறது என்பதை ஒரு கணினியிலிருந்து இப்படிப் பார்க்கலாம்:

```
openssl s_client -connect example.in:443 -servername example.in -showcerts </dev/null
```

`example.in` இருக்கும் இடத்தில் உங்கள் தளத்தின் பெயரைப் போட வேண்டும். வரும் பதிலில் `s:` என்பது சான்றிதழ் யாருடையது, `i:` என்பது கையெழுத்திட்டவர் யார். அன்று வந்தது, பெயர்களைச் சுருக்கி எழுதினால், இவ்வளவுதான்:

```
0 s:CN = example.in
  i:CN = R3
1 s:CN = R3
  i:CN = ISRG Root X1
```

நெட்டைச் சங்கிலியாக இருந்தால் இதன் கீழே இன்னொன்று இருந்திருக்கும்:

```
2 s:CN = ISRG Root X1
  i:CN = DST Root CA X3
```

அந்த மூன்றாவது சான்றிதழ் இல்லை. காரணம் இதுதான். குறுக்குக் கையொப்பம் செப்டம்பரில் முடியப்போவதால், 2024 பிப்ரவரி 8 முதல் லெட்ஸ் என்க்ரிப்ட், நெட்டையைக் கேட்டு வாங்காதவர்களுக்குக் குட்டைச் சங்கிலியையே கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் முந்தைய சான்றிதழ் ஜனவரியில் வாங்கியது, அதனுடன் நெட்டை வந்திருந்தது. 90 நாள் சான்றிதழை செர்ட்பாட் என்ற மென்பொருள் 60 நாள் ஆனதும் தானாகப் புதுப்பிக்கும். மார்ச்சில் புதுப்பித்தபோது புதிய சங்கிலிக் கோப்பு பழையதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பிப்ரவரி 8 அன்று எதுவும் நடக்கவில்லை, அவரவர் புதுப்பித்த நாளில் நடந்தது. அதனால்தான் ஒரே ஃபோனில் சில தளங்கள் நின்றும் சில தளங்கள் இன்னும் சில வாரம் ஓடியும் எல்லோரையும் குழப்பின.

அப்போதைக்கு நெட்டையைக் கேட்டு வாங்க முடிந்தது:

```
certbot renew --cert-name example.in --force-renewal --preferred-chain "DST Root CA X3"
```

இதைக் கொடுத்துவிட்டு வெப் சர்வரை ரீலோட் செய்ததும் சித்தூர் ஃபோன்களில் பக்கம் வந்துவிட்டது. ஆனால் 2024 ஜூன் 6-உடன் இந்தக் கதவும் மூடியது. அன்றைக்குள் வாங்கிய 90 நாள் சான்றிதழ் செப்டம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும், குறுக்குக் கையொப்பம் சாகும்வரை ஓடாது என்று கணக்குப் பார்த்து வைத்த தேதி அது.

செப்டம்பர் 30-க்குப் பிறகும் அந்தப் பழைய குறுக்குச் சான்றிதழைக் கையால் சங்கிலியில் ஒட்டி வைத்தால் என்ன என்று தோன்றலாம். X3-இன் தேதியைப் பார்க்காத ஆண்ட்ராய்டு இதையும் விட்டுவிடாதா? விடாது. தேதியைப் பார்க்காமல் விடுவது தன் பட்டியலில் உள்ள ரூட்டுக்கு மட்டும்தான். குறுக்குச் சான்றிதழ் சர்வரிலிருந்து வருவது, சங்கிலியின் நடுவில் நிற்பது, ஆகவே அதன் தேதியை ஃபோன் பார்க்கும்.

பின்னர் அந்தக் கடைக்கு இரண்டு வழி மீந்தது. ஃபோன் பக்கத்தில், அப்போது ஆண்ட்ராய்டு 6-இல் ஃபயர்பாக்ஸ் போட முடிந்தது. அது ஃபோனின் பட்டியலை நம்பாமல் தன் சொந்த ரூட் பட்டியலைக் கொண்டு வருவது, அதில் X1 உண்டு. பிரவுசர் இல்லாமல் ஆப் வழியாக ஆர்டர் போடுபவர்களுக்கு இது உதவாது. அவர்கள் ISRG Root X1-ஐயே ஃபோனில் நிறுவலாம். ஆண்ட்ராய்டு 6-இல் ஆப்களும் பயனர் சேர்த்த ரூட்டை ஏற்கும், 7 முதல் ஆப் தனியாக அனுமதித்தால்தான் ஏற்கும். கோப்பை வேறொரு ஃபோனில் இறக்கி அனுப்ப வேண்டியிருக்கும், ஏனென்றால் லெட்ஸ் என்க்ரிப்டின் தளமே இந்த ஃபோனில் திறக்காது. ரூட் நிறுவுவது சாதாரண விஷயமல்ல. தவறான கோப்பை ஏற்றினால் யார் வேண்டுமானாலும் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கலாம். அதனால் SHA-256 கைரேகை `96:BC:EC:06` என்று தொடங்கி `DF:08:C6` என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். ஏற்றியபின் நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம் என்று ஃபோன் அவ்வப்போது எச்சரிக்கும், ஸ்கிரீன் லாக்கும் கட்டாயம். தினமும் பஸ்ஸில் ஊர் ஊராக அலையும் விற்பனையாளர்களிடம் இதையெல்லாம் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே சர்வர் பக்கத்தில் மாற்றினோம். பழைய ஃபோன்களுக்கும் தெரிந்த ரூட்டில் போய் முடியும் சங்கிலி வேண்டும். கூகுள் டிரஸ்ட் சர்வீசஸின் GTS Root R1-க்கு, 1998-ஆம் ஆண்டின் GlobalSign Root CA குறுக்குக் கையொப்பம் போட்டிருக்கிறது. இந்த குளோபல்சைன் ரூட்டை ஆண்ட்ராய்டு 6 நன்றாக அறியும். செர்ட்பாட் வழியாகவே அங்கும் சான்றிதழ் வாங்கலாம். வாங்கியபின் மேலே சொன்ன `s_client` கட்டளையில் கடைசி `i:` வரி `GlobalSign Root CA` என்று முடிகிறதா என்று பார்த்துக்கொண்டோம். அந்தக் குறுக்குச் சான்றிதழின் கடைசி நாள் 2028 ஜனவரி 28. அதே நாளில்தான் குளோபல்சைன் ரூட்டும் முடிகிறது. அந்த ஃபோன்கள் ரூட்டின் தேதியைப் பொருட்படுத்தாது, ஆனால் குறுக்குச் சான்றிதழின் தேதியைப் பார்க்கும்.