நினைவு மாளிகை

நன்கு தெரிந்த ஓர் இடத்தில் மனத்துக்குள் நடந்துபோய், நினைவில் வைக்க வேண்டியவற்றை வழிநெடுகக் காட்சிகளாக வைத்துவிட்டு, பிறகு அதே வழியில் நடந்து எடுத்துக்கொள்வதுதான் 'மெமரி பேலஸ்'. தமிழில் 'நினைவு மாளிகை'.

இதைத் தொடங்கி வைத்தவர் சிமோனிடிஸ் என்ற கிரேக்கக் கவிஞர் என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ கி.மு. 55-இல் எழுதினார். விருந்து மண்டபம் இடிந்து விழ, யார் எங்கே அமர்ந்திருந்தார்கள் என்பதை வைத்தே அவர் உடல்களை அடையாளம் காட்டினாராம். கதைதான். லத்தீனில் இம்முறையின் அடிப்படைச் சொல் 'லோகஸ்', அதாவது இடம். மாளிகை என்ற உருவகம் கி.பி. 400-ஐ ஒட்டி கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் எழுதியதில் வருகிறது. ஆனால் அவர் சொன்னது மனத்தின் விரிவை, இந்தப் பயிற்சியை அல்ல.

மாளிகையே தேவையில்லை என்பதால் எனக்கு 'இடவழி நினைவு முறை' என்ற பெயர்தான் பிடிக்கும். 'நினைவிடம்' மட்டும் வேண்டாம், சமாதிக்குப் போய்விடும்!

நம் வீவக வீடே போதும். நியூவாட்டர் பற்றி ஒரு மாணவி பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுத்திகரிப்பில் மூன்று கட்டங்கள்: நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர். அவள் வழி: தபால் பெட்டி, மின்தூக்கி, வீட்டுக் கதவு. தபால் பெட்டியின் வாயில் டீ வடிகட்டி செருகி, அதிலிருந்து அழுக்கு நீர் சொட்டுகிறது. மின்தூக்கி வாசலை ராட்சதச் சவ்வுமிட்டாய் அடைத்திருக்கிறது; ஒருவர் பின்பக்கமாக நடந்து, முழுப் பலத்தோடு அதற்குள் முட்டி நுழைகிறார். 'சவ்வு', 'எதிர்' இரண்டும் கிடைத்துவிட்டன. அந்த முட்டலும் வீண் இல்லை: இயல்பான போக்குக்கு எதிராக அழுத்தம் கொடுத்துத்தான் நீரைச் சவ்வுக்குள் தள்ளுகிறார்கள். கதவைத் திறந்தால் கண் கூசும் ஊதா வெளிச்சம்.

தவறு பெரும்பாலும் இடத்தேர்வில் வரும். வாய்ட் டெக் தூண்கள் எல்லாம் ஒரே மாதிரி. மூன்றாவதில் வைத்தது நான்காவதில் போய் நிற்கும். கி.மு. முதல் நூற்றாண்டின் லத்தீன் பேச்சுக்கலை நூலொன்று, தூண்களுக்கு இடைப்பட்ட இடங்களை நிறையப் பயன்படுத்தினால் குழப்பும் என்று அப்போதே எச்சரித்தது. ஐந்தாவது இடத்தில் ஒரு தங்கக் கையை வைத்து எண்ணிக்கையைச் சரிபார்க்கவும் அது சொல்கிறது. ஒரு காட்சி கிடைக்காவிட்டால் வரிசையில் எந்த இடம் வெறுமை என்பதாவது தெரியும்.

நேற்றைய பட்டியலை வைத்த வழியிலேயே இன்றும் வைத்தால் இரண்டும் கலக்கும். பேச்சுக்கு ஒரு வழி, தேர்வுக்கு இன்னொன்று. பேச்சை வரிக்கு வரி வைக்கவும் முயல வேண்டாம். கருத்துக்கு ஒரு காட்சி போதும். 'ஆகவே', 'எனினும்' போன்றவற்றுக்குப் படம் தேடினால் வழி முழுக்கக் குப்பை சேர்ந்துவிடும்.