முட்டு வளைந்தால் ஸ்டீலின் மேல் பழி போடாதீர்கள்

முட்டுக் கொடுத்த பைப் நடுவில் வில்லாக வளைந்து சரிகிறது. உடனே, "ஸ்டீல் தரமில்லை, அடுத்த தடவை உயர்ந்த கிரேடு போடுவோம்" என்கிறார்கள். எத்தனை முறைதான் இதைக் கேட்பது? ஒரே ஒரு பைப்பை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாரத்துக்குப் போடும் 48.3 மி.மீ. வெளிவிட்டமுள்ள பைப், தடிமன் 3.2 மி.மீ. வெட்டுப்பரப்பு சுமார் 453 ச.மி.மீ. ஈல்டு வலிமை, அதாவது ஸ்டீல் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு, ச.மி.மீ.க்கு 250 நியூட்டன் என்றால், அது நசுங்க 113 கிலோநியூட்டன் வேண்டும். ஏறக்குறைய பதினொன்றரை டன். பலர் இங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆனால் இரு முனைகளும் பக்கவாட்டில் நகராமல், கீல் வைத்ததுபோல் நிற்கும் 3 மீட்டர் முட்டுக்கு ஆய்லர் 1744-ல் தந்த சூத்திரத்தைப் போடுங்கள்:

P = π²EI/L²

இதில் P வளையும் சுமை, L நீளம், I குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எதிர்க்கும் அளவு. விடை சுமார் 25 கிலோநியூட்டன், இரண்டரை டன். அப்போது பைப்பில் உள்ள தகைவு ச.மி.மீ.க்கு வெறும் 56 நியூட்டன். ஈல்டின் கால்பங்குகூட இல்லை.

சூத்திரத்தை இன்னொரு தடவை பாருங்கள். அதில் ஈல்டு வலிமை எங்கேயாவது இருக்கிறதா? E என்பது ஸ்டீலின் விறைப்பு. 250 கிரேடானாலும் 355 கிரேடானாலும் அது ச.மி.மீ.க்கு ஏறத்தாழ 2 லட்சம் நியூட்டன்தான். கிரேடை உயர்த்தினால் நசுங்கும் சுமை 161 கிலோநியூட்டன் ஆகும். வளையும் சுமை அதே 25-இல் நிற்கும். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய வலிமை வேலைக்கே வராது.

கவனிக்க வேண்டியது மெலிவு விகிதம். நீளத்தைச் சுழற்சி ஆரத்தால் வகுத்தால் வருவது அது. வெட்டுப்பரப்பு மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதைக் காட்டுவதுதான் சுழற்சி ஆரம். இந்தப் பைப்பின் சுழற்சி ஆரம் 16 மி.மீ., ஆக விகிதம் 188. 250 கிரேடுக்கு இந்த எண் 89-ஐத் தாண்டினாலே, நசுங்குவதற்கு முன் வளைவுதான் முந்திக்கொள்ளும்.

வழி நீளத்தைக் குறைப்பதுதான். நடுவில் ஒரு பிரேசிங் கட்டினால் சூத்திரம் நான்கு மடங்கு காட்டும், 100 கிலோநியூட்டன். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நசுங்கும் சுமையை நெருங்கும்போது பைப்பின் சிறு கோணலும் உள்தகைவும் அதில் கணிசமாக வெட்டிவிடும். எந்த மெலிவு விகிதத்துக்கு எவ்வளவு சுமை என்று காட்டும், ஸ்டீல் வடிவமைப்பு விதித்தொகுப்பின் வளைகோட்டைப் பார்த்தே சுமை ஏற்றுங்கள்.

பிரேசிங் இரண்டு திசையிலும் வேண்டும். ஒரு திசையில் மட்டும் கட்டினால் பைப் மறு திசையில் வளையும், மறுபடி அதே 25. வரிசையாக நிற்கும் முட்டுகளைப் படுக்கைக் குழாயால் மட்டும் இணைத்து, குறுக்குச் சாய்வு போடாமல் விடுவதும் தவறு. எல்லாம் கைகோத்துக்கொண்டு ஒரே பக்கம் சாயும். அடி இறுகி, தலை பிடிப்பில்லாமல் ஆடினால் பயனுறு நீளம் இரட்டிப்பாகும். தாங்குவது 6 கிலோநியூட்டன்தான்.

தயவுசெய்து, நிறுத்தும் முன் ஒவ்வொரு பைப்பிலும் நூல் பிடித்துப் பாருங்கள். 3 மீட்டரில் 15 மி.மீ. கோணல் இருந்தால், அந்த 25-ம் கிடைக்காது. சுமார் 18-லேயே நடுப்பகுதி ஈல்டாகிவிடும். அதைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.