சொல் விளக்கம்: ஹீட்மேப், ஸ்க்ரோல் டெப்த்

விளம்பரத்தைப் பார்த்து இணையப் பக்கத்துக்கு வருபவர்கள் அங்கே எங்கே தட்டுகிறார்கள், எவ்வளவு தூரம் உருட்டுகிறார்கள், ஏன் போய்விடுகிறார்கள் என்று பார்க்க உதவும் இரண்டு சொற்கள் இவை. ஹீட்மேப் என்ற பெயர் பங்குச் சந்தைப் பக்கமிருந்து வந்தது. சந்தை நிலவரத்தை நிறங்களாகக் காட்டும் மென்பொருளுக்காக 1990-களில் கார்மக் கின்னி என்ற மென்பொருள் வடிவமைப்பாளர் இந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார். முறை அதைவிடப் பழையது. பாரிஸின் 20 வட்டாரங்களின் மக்கள்தொகை விவரங்களை 1873-லேயே லூவா என்பவர் நிறம் தீட்டிய கட்டங்களாகக் காட்டியிருக்கிறார்.

தமிழில் 'வெப்ப வரைபடம்' என்று எழுதுகிறார்கள். அதைப் படித்தால் எனக்கு வானிலை அறிக்கைதான் நினைவுக்கு வருகிறது. இணையப் பக்கத்தில் எந்த இடத்தில் தட்டல்கள் குவிந்தன என்பதைத்தான் சிவப்பு காட்டுகிறது. அதனால் 'செறிவுப்படம்' பொருத்தம். ஸ்க்ரோல் என்றால் முதலில் சுருட்டி வைத்த தோல் ஏடு. அதை விரித்துப் படிப்பதுபோலத் திரையை நகர்த்துவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்க்ரோல் டெப்த்தை 'உருட்டல் ஆழம்' என்கிறோம். ஆழம் என்றதும் ஆழ்ந்து படித்ததாகத் தோன்றும்; உண்மையில் திரை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது மட்டுமே அது. 'உருட்டிய தூரம்' என்பேன்.

சரி, விளம்பரத்துக்குப் பணம் கட்டி வரவழைத்தவர்கள் ஏன் உடனே போய்விடுகிறார்கள்? ஒரு தையல் வகுப்பின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். விளம்பரம் 'முதல் வகுப்பு இலவசம்' என்கிறது. எல்லா வருகைகளையும் சேர்த்துப் பார்த்தால் பாதிப் பேர் பக்கத்தின் நடுப்பகுதி வரை வந்திருக்கிறார்கள். குறையே தெரியாது. விளம்பரம் இல்லாமலே வகுப்பை ஏற்கெனவே அறிந்து தேடி வந்தவர்கள் பொறுமையாக உருட்டி, சராசரியைத் தூக்கிவிடுகிறார்கள்.

அதனால் விளம்பரம் வழி வந்தவர்களை முதலில் தனியே பிரிக்க வேண்டும். விளம்பர இணைப்பில், கட்டண விளம்பரம் வழி வந்த வருகை என்று காட்டும் `utm_medium=cpc` என்ற அடையாளத்தைச் சேர்த்திருந்தால், மைக்ரோசாப்ட் கிளாரிட்டி போன்ற கருவியில் அந்த வருகைகளை மட்டும், அதிலும் கைபேசியை மட்டும் வடிகட்டலாம். இப்போது படம் மாறுகிறது: 100 பேரில் 30 பேர்தான் முதல் திரையைத் தாண்டியிருக்கிறார்கள். மேலே உள்ள 'இலவசம்' என்ற பட்டையில் சிவப்பு குவிந்திருக்கிறது. ஆனால் அது வெறும் படம், இணைப்பு இல்லை. பதிவுப் பொத்தான் பாடத்திட்டம், ஆசிரியர் அறிமுகம் எல்லாம் தாண்டிக் கீழே இருக்கிறது. வந்தவர்கள் ஆர்வத்தோடு தட்டியிருக்கிறார்கள். ஒன்றும் திறக்காததால் போய்விட்டார்கள். உருட்டிய தூரத்தை மட்டும் பார்த்திருந்தால் 'ஆர்வமில்லாத கூட்டம்' என்று விளம்பரத்தையே நிறுத்தியிருப்போம்.

ஒரு எச்சரிக்கை: வருகைகளை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 தானாகப் பதிவு செய்யும் `scroll` நிகழ்வு, பக்கத்தின் 90 சதவீதத்தைத் தொட்டால்தான் எழும். 30-இல் நின்றவரும் 80-இல் நின்றவரும் அதில் ஒன்றுதான்.

அப்புறம், விளம்பரக் கணக்கில் 400 கிளிக், பக்கத்தில் 290 வருகை என்று இருந்தால், மீதி 110-இல் பலர் பக்கம் திறக்கும் முன்பே திரும்பியவர்களாக இருக்கலாம். கருவியின் நிரல் ஓடுவதற்குள் அவர்கள் போய்விட்டதால் செறிவுப்படத்தில் அவர்களின் தடமே விழாது. அதற்குப் பக்கம் திறக்கும் வேகத்தைத்தான் பார்க்க வேண்டும்.