மஸ்ட் ஹேவ், ஷுட் ஹேவ்: ஒரே ‘வேண்டும்’, இரண்டு பொருள்

மோடல் வெர்ப் என்பதிலுள்ள மோடல், ‘விதம்’ என்று பொருள்படும் மோடுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நடந்ததோடு, பேசுபவர் அதை எப்படிப் பார்க்கிறார் என்பதையும் காட்டும் துணைவினை அது. தமிழில் பாங்குத் துணைவினை எனலாம். ஆங்கிலத்தின் மஸ்ட், ஷுட், தமிழின் வேண்டும், கூடும், முடியும் எல்லாம் இந்த வகைதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் டியூஷன் பிள்ளைகள் மஸ்ட் ஹேவையும் ஷுட் ஹேவையும் பிரிப்பதில் தடுமாறுவதற்குக் காரணம் நம் ‘வேண்டும்’. வாசலில் ரவியின் செருப்பைப் பார்த்து, “ரவி வந்திருக்க வேண்டும்” என்கிறோம். அது ஊகம், மஸ்ட் ஹேவ் கம். கல்யாணத்துக்கு அவன் வராமல் போனாலும், “ரவி வந்திருக்க வேண்டும்” என்றே வருந்துகிறோம். அது ஷுட் ஹேவ் கம். முதலாவதில் ரவி வந்துவிட்டான், இரண்டாவதில் வரவே இல்லை. மலாய் இதைப் பிரித்தே சொல்கிறது: ஊகத்துக்கு மெஸ்தி, நடக்காமல் போனதற்கு செபாதுட்ஞா. பள்ளியில் மலாய் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல பிடிமானம்.

தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள். ஊகம் என்றால் “வந்திருக்க முடியாது” என்று வரும், ஆங்கிலத்தில் கான்ட் ஹேவ் கம். வருத்தமோ குறையோ என்றால் “வந்திருக்கக் கூடாது” என்று வரும், ஷுடன்ட் ஹேவ் கம். ஊகத்தின் எதிர்மறைக்கு மஸ்ட் நாட் ஹேவ் எழுதாமல் கான்ட் ஹேவ் எழுதுவதே தேர்வுக்குப் பாதுகாப்பு.

சரி, ஹேவ் எதற்கு? மஸ்ட், ஷுட் இரண்டுமே பழைய ஆங்கிலத்தில் இறந்தகால வடிவங்கள். ‘கடன்பட்டிருத்தல்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது ஷுட். காலப்போக்கில் இரண்டும் இறந்தகாலத்தைத் தனியே காட்டும் திறனை இழந்தன. அந்த வேலையை இப்போது ஹேவும் வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்து செய்கின்றன. எழுவாய் யாராக இருந்தாலும் ஹேவ் மாறாது. மஸ்ட் ஹேஸ், ஷுட் ஹேட் இரண்டும் தவறு. பேச்சில் ‘மஸ்டவ்’ என்று கேட்பதை ‘மஸ்ட் ஆஃப்’ என்று எழுதுவதும் தவறுதான்.

கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் தேர்வில், கொடுத்த சொல்லை மாற்றாமல் 2 முதல் 5 சொற்களுக்குள் வாக்கியத்தை மாற்றி எழுதும் பகுதி உண்டு. “கவிதா கேஎல் சென்ட்ரலில் ரயிலைத் தவறவிட்டாள் என்பது எனக்கு உறுதி” என்ற கருத்தில் வாக்கியமும் மஸ்ட் என்ற சொல்லும் தந்தால், விடை மஸ்ட் ஹேவ் மிஸ்ட். ‘எனக்கு உறுதி’ என்பதே துப்பு. “கவிதா சீக்கிரம் கிளம்பாதது தப்பு” என்று வந்து ஷுட் தந்தால், ஷுட் ஹேவ் லெஃப்ட். கேள்வியில் ‘கிளம்பாதது’ என்ற எதிர்மறை இருந்தும், விடையில் நாட் வராது. பிள்ளைகள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

ஒரு விலக்கும் உண்டு. “ரயில் இந்நேரம் வந்திருக்க வேண்டுமே” என்பதற்கும் ஷுட் ஹேவ்தான் வரும். இங்கே யார்மேலும் குறை இல்லை, வெறும் எதிர்பார்ப்பு. பை நவ் போன்ற காலக்குறிப்பு கூடவே வருகிறதா என்று பாருங்கள்.