சத்தமில்லாத கரைச்சல்: கைக்குழந்தைக்குத் தொண்டை அடைத்தால் நம் கை என்ன செய்ய வேண்டும்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசல்படியில் அந்தப் பத்து மாதப் பிள்ளையை நான் வாங்கியபோது அவனிடமிருந்து சத்தமே வரவில்லை. வாய் திறந்திருந்தது, முகம் அழுகிற முகம்தான், ஆனால் கரைச்சல் கேட்கவில்லை. உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது. வீடு சாலைக்கு அந்தப் பக்கம். நான்கு வயது அண்ணன் தின்றுகொண்டிருந்த ஏத்தங்காய் சிப்ஸில் ஒரு துண்டைத் தம்பியின் வாயில் வைத்திருக்கிறான். ஆச்சி உச்சந்தலையில் தட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் விரலை விட்டுத் தோண்டியிருக்கிறார். அம்மா அதன் பிறகுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

நான் படியிலேயே உட்கார்ந்து அவனைக் குப்புறப் போட்டு முதுகில் ஐந்து அடி கொடுத்தேன். வரவில்லை. திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து. மறுபடியும் குப்புற. இரண்டாவது சுற்றின் மூன்றாவது அடியில் நகக்கண் அளவு சிப்ஸ் துண்டு எச்சிலோடு படியில் விழுந்தது. அதன் பிறகு அவன் போட்ட கரைச்சலில் மருந்தகத்து ஆள்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள்.

சற்று நேரம் கழித்து அந்த அம்மா சொன்னாள்: “சிஸ்டர், இதைப் பத்தி நீங்க தந்த நோட்டீஸ் தடுப்பூசி அட்டைக்குள்ளேயே இருக்கு. நான் வாசிச்சதுதான். அந்த நேரத்தில ஒண்ணும் ஓர்ம வரல்ல.”

அன்றிரவு அந்த நோட்டீஸை அவளுடைய கண்ணால் படித்துப் பார்த்தேன். முதல் பக்கம் முழுவதும் ‘சுவாசப்பாதை அடைப்பு’ என்றால் என்ன என்ற விளக்கம். பிறகு காரணங்கள், பிறகு அறிகுறிகள், பிறகு தடுப்பு முறைகள். என்ன செய்ய வேண்டும் என்பது பின்பக்கத்தில், ஒரே பத்தியில்: “பாதிக்கப்பட்டவரின் முதுகில் ஐந்து முறை தட்டவும், பலனளிக்காவிடில் வயிற்று உந்தல் அளிக்கவும்.” ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது என்ற வரி அதற்கும் கீழே, சிறிய எழுத்தில். அந்த அம்மா அந்தப் பத்தியை ஒழுங்காக நினைவில் வைத்திருந்தால் பிள்ளையின் வயிற்றை அழுத்தியிருப்பாள். பிஞ்சு வயிற்றில் ஈரல் பெரிதாக, விலா எலும்பின் மறைப்பு இல்லாமல் இருக்கும். அழுத்தினால் அது கிழியலாம்.

நோட்டீஸை வீடியோவாக்க நானும் கிராம சுகாதார செவிலியர் ஒருவரும் உட்கார்ந்தோம். முதலில் முடிவு செய்தது, எல்லா வயதுக்கும் ஒரே வீடியோ போடக் கூடாது என்பதுதான். பிள்ளை நீலமாகும்போது எந்த அம்மாவும் ‘இது பெரியவருக்கா, நம்ம பிள்ளைக்கா’ என்று பிரித்துப் பார்க்க மாட்டாள். ஆகவே ஒரு வயதுக்குக் கீழே ஒரு வீடியோ, அதற்கு மேலே வேறொன்று. நோட்டீஸில் முதலில் இருந்த விளக்கத்தையும் காரணத்தையும் எடுத்துவிட்டோம். கை செய்யும் வேலை எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையில்தான் குரலும் வர வேண்டும். கைக்குழந்தை வீடியோவின் வசனம் இது:

காட்சி 1. பிள்ளை இருமுகிறது. “பிள்ளை இருமுதா? சத்தமா கரையுதா? அப்படின்னா காத்து போகுது. தட்டாதீங்க. வாய்க்குள்ள விரல் விடாதீங்க. தண்ணி குடுக்காதீங்க. நிமிர்த்தி வெச்சு, இரும விடுங்க. கண்ணை எடுக்காதீங்க.”

காட்சி 2. “இருமல்ல சத்தம் இல்லியா? வாய் திறந்திருக்கு, கரைச்சல் கேக்கலியா? உதடு நீலமாகுதா? அப்படின்னா அடைச்சிருக்கு. ஒருத்தர் 108-க்குக் கூப்பிடுங்க. நீங்க பிள்ளைய எடுங்க.”

காட்சி 3. “உக்காருங்க. முன்னங்கையைத் தொடை மேல வெச்சு, அதில பிள்ளையைக் குப்புறப் போடுங்க. தலை நெஞ்சை விடத் தாழ இருக்கணும். தாடை எலும்பை விரலால பிடிங்க. தொண்டைய நெரிக்காதீங்க.”

காட்சி 4. “மத்த கையோட உள்ளங்கை அடிப்பகுதி. ரெண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில. ஒண்ணு. வந்துதா பாருங்க. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.”

காட்சி 5. “வரலியா? தலையைப் பிடிச்சுக்கிட்டே மல்லாக்கத் திருப்புங்க. இப்பவும் தலை தாழதான். முலைக்காம்பு ரெண்டையும் சேத்து ஒரு கோடு நினைங்க. அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, நெஞ்செலும்பு மேல உள்ளங்கை அடிப்பகுதிய வைங்க. அஞ்சு அழுத்து. நெஞ்சு மூணில ஒரு பங்கு அமுங்கணும். வயித்தில அழுத்தவே கூடாது.”

காட்சி 6. “வாய்க்குள்ள பாருங்க. கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் எடுங்க. தெரியலேன்னா விரல் போடாதீங்க. திரும்பவும் குப்புற அஞ்சு, மல்லாக்க அஞ்சு. அடைச்ச பொருள் வெளிய வர்ற வரை, இல்லேன்னா பிள்ளை சத்தமா கரையுற வரை நிறுத்தாதீங்க.”

காட்சி 7. “பிள்ளை துவண்டு போச்சா? தரையில கிடத்துங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டு 108 சொல்றதைக் கேளுங்க. நெஞ்சில முப்பது அழுத்து. வாய்க்குள்ள பாருங்க, தெரிஞ்சா எடுங்க. பிறகு பிள்ளையோட வாயையும் மூக்கையும் சேத்து உங்க வாயால மூடி, கன்னத்தில இருக்குற காத்து மட்டும், ரெண்டு ஊது. ஆம்புலன்ஸ் வர்ற வரை இதே.”

இதில் ஓரிரண்டு இடங்களைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். நோட்டீஸில் ‘ஒலி எழுப்ப இயலாமை’ என்றிருந்ததை நாங்கள் ‘கரைச்சல் கேக்கலியா’ என்று மாற்றினோம். அழுகை என்று எழுதினாலும் புரியும்தான். ஆனால் இங்கே எந்த வீட்டிலும் பிள்ளை அழுவதில்லை, கரைகிறது. பதறும்போது காதில் ஏறுவது வீட்டில் பேசும் சொல்தான்.

காட்சி 5-இல் நெஞ்சழுத்தத்துக்குப் பழைய நோட்டீஸ்கள் இரண்டு விரல் என்று சொல்லும். அமெரிக்க இதய சங்கம் 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ளங்கையின் அடிப்பகுதி என்று மாற்றியிருக்கிறது. விரலுக்கு வலு போதாமல் அழுத்தம் மேலோட்டமாகப் போய்விடும் என்பதை நாங்கள் பயிற்சிப் பொம்மையிலேயே பார்த்திருக்கிறோம். இரண்டு விரல் என்று ஏற்கெனவே கற்றவர்கள் அந்த நேரத்தில் தயங்கி நிற்க வேண்டாம், தெரிந்ததைச் செய்யுங்கள். ஆனால் புதிதாகக் கற்பிக்கும்போது உள்ளங்கை என்றே சொல்லுங்கள்.

உச்சந்தலையில் தட்டுவதைப் பற்றி எந்த நோட்டீஸிலும் ஒரு வரிகூட இல்லை. நம்மில் யாருக்குப் புரையேறினாலும் முதலில் கை போவது அங்கேதான், ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று சொல்லியபடி. சாதாரணப் புரையேற்றம் தட்டாவிட்டாலும் இருமி அடங்கிவிடும், அதனால் தட்டியதால்தான் அடங்கியது என்று நம்பிவிடுகிறோம். முழு அடைப்பில் தலையில் தட்டுவது காற்றை வெளியே தள்ளாது. நிமிர்ந்த நிலையில் இருப்பதால் அடைத்த பொருள் விழவும் வழியில்லை. முதுகில் அடிக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறும் அழுத்தம்தான் அதை வெளியே தள்ளுகிறது, தலை தாழ்ந்திருந்தால் எடையும் உதவுகிறது. ஆச்சிமாரைக் குற்றவாளியாக்காமல் இதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு சின்னக் காட்சி சேர்த்தோம்: ஆச்சி தலைக்குக் கை கொண்டுபோகிறார், மகள் அந்தக் கையைப் பிடித்து முதுகுக்கு நகர்த்துகிறாள். வசனம் இல்லை.

ஆட்டோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடைத்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டி தேடி ஓடுவது நம் வழக்கம். மூச்சு முழுவதும் நின்றால் மூளைக்குச் சில நிமிடங்கள்தான் உண்டு. பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டத்து வீட்டிலிருந்து எந்த வண்டியும் அந்த நேரத்துக்குள் ஆஸ்பத்திரி சேராது. முதுகடியும் நெஞ்சழுத்தும் வீட்டுத் திண்ணையில் நடக்க வேண்டிய வேலை. அன்று அந்தப் பிள்ளையின் வீடு சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது தற்செயல்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. மீன் முள் குத்தினாலும், மூச்சுக்குழாய் அடைத்தாலும் ‘தொண்டையில சிக்கிட்டு’ என்றுதான் சொல்கிறோம். முள் சிக்கியவர் பேசுவார், மூச்சு விடுவார், விழுங்கும்போது வலிக்கும். அவருக்கு முதுகில் அடிக்கத் தேவையில்லை. சோற்றுருண்டை விழுங்கச் சொல்லவும் கூடாது, முள் இன்னும் ஆழமாகக் குத்தும். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து எடுக்கட்டும்.

முதல் படப்பிடிப்பை முடித்து, துணிப்பொம்மையோடு மகளிர் குழுவினர் பன்னிரண்டு பேரிடம் போட்டுக் காட்டினோம். உயிருள்ள பிள்ளையிடம் பழகிப் பார்க்கக் கூடாது, அதனால்தான் பொம்மை. பார்த்து முடித்ததும் ஒவ்வொருவராகச் செய்தார்கள். எண்ணிக்கை யாருக்கும் பிசகவில்லை. ஆனால் ஏழு பேர் பொம்மையின் தலையை மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். ‘தலை தாழ’ என்று வசனத்தில் இரண்டு இடத்தில் வைத்தும் இப்படி. ஏன் என்று வீடியோவைத் திரும்பப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கேமராவை எனக்கு நேர் எதிரே வைத்திருந்தோம். எதிரேயிருந்து பார்த்தால் தலை தாழ்ந்திருக்கிறதா உயர்ந்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. மறுவாரம் கேமராவைப் பக்கவாட்டில், தொடையின் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்துக் காட்சி 3 முதல் 5 வரை மறுபடி எடுத்தோம். அடுத்த முறை தலையை உயர்த்தியவர் ஒருவர் மட்டும்.

கடைசிக் காட்சியை அந்தப் பிள்ளைக்காகவே சேர்த்தோம். சிப்ஸ் வெளியே வந்து, அவன் கரைந்து, பால் குடித்துத் தூங்கிய பிறகும் நாங்கள் அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை, மருத்துவர் நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார். பொருள் ஒன்று வெளியே வந்தாலும் இன்னொரு துணுக்கு கீழே இறங்கியிருக்கலாம். வலது பக்கக் கிளைக்குழாய் அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கே போய் உட்காரும். நிலக்கடலைத் துண்டு, சிப்ஸ் துண்டு எல்லாம் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை, ஆகவே ‘எக்ஸ்ரே நல்லாயிருக்கு’ என்பதோடு நிறுத்தக் கூடாது. அடைப்பு நீங்கிய பிள்ளைக்கு அடுத்த நாள்களில் விடாத இருமலோ இழுப்போ காய்ச்சலோ வந்தால், முதலில் பார்க்கும் மருத்துவரிடமே “இந்த நாளில் இதை முழுங்கிச்சு” என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் வரும் பிள்ளைக்கு வாரக்கணக்கில் சளி மருந்து ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மா இப்போது தடுப்பூசி நாளில் வரிசையில் நிற்கும் மற்ற அம்மாமாருக்குத் தன் கைப்பையைப் பிள்ளையாக முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலை எந்தப் பக்கம் தாழ வேண்டும் என்று காட்டிக்கொண்டிருக்கிறாள்.